கூட்ட நேரத்தில் தோசை நிறம் மாறாமல் இருக்க

கேள்வி: புதிதாக டிபன் கடை தொடங்கியிருக்கிறோம். காலையில் முதல் தோசைகள் வெளுத்து வருகின்றன, கூட்டம் ஏறியதும் கருகுகின்றன. கல் புதியது. தீயை எப்படி வைக்க வேண்டும்?

பதில்:

கூட்டம் ஏறிய பிறகு கேஸ் குமிழில் கை வைக்காதீர்கள். கடைக் கல் கனமான இரும்புத் தகடு. தீயைக் கூட்டினால் அந்தச் சூடு மேலே வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். தோசை வெளுக்கிறதே என்று திருகுவீர்கள். அடுத்த ஈடும் வெளுத்தே வரும், இன்னும் திருகுவீர்கள். மூன்றாவது ஈட்டில் எல்லாம் சேர்ந்து மேலே வந்து கருக்கிவிடும். உங்கள் கடையில் நடப்பது அநேகமாக இதுதான்.

கடை திறப்பதற்கு இருபது நிமிடம் முன்பே மிதமான தீயில் கல்லைக் காயவிடுங்கள். அதன் பிறகு, தோசைக்குத் தோசை சூட்டைச் சரிசெய்வது தண்ணீரின் வேலை. ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் மிஞ்சிக் காய்ந்திருக்கிறது. அதில் ஊற்றினால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். இன்னும் கொஞ்சம் தெளித்துத் துடைப்பத்தால் தள்ளுங்கள். ‘சுர்’ என்று விழுந்த இடத்திலேயே கொதித்து மறைந்தால் ஊற்றலாம். சத்தமே இல்லாமல் தேங்கி நின்றால் ஊற்றாமல் காத்திருங்கள், வாடிக்கையாளர் முறைத்தாலும்.

ஆர்டர் இல்லாத இடைவெளியில்தான் கல் தறிகெட்டுச் சூடேறும். அப்போது மட்டும் தீயைத் தணியுங்கள். அடுப்புக்கு நேர் மேலே உள்ள இடம் எப்போதும் கூடுதலாகக் காயும் என்பதால் முதல் தோசையைக் கல்லின் ஓரத்தில் ஊற்றி, கடைசியை அடுப்புக்கு நேர் மேலே ஊற்றினால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகச் சிவக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாவை அப்படியே ஊற்றாதீர்கள். ஒரே ஈட்டில் கல் குளிர்ந்துவிடும்.

புதுக் கல்லைப் பழக்காமல் இவற்றில் எதுவும் நிற்காது. ஆலையில் பூசிய எண்ணெய் போகச் சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லத் தடவி, தடவியது தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்தெடுங்கள். புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். நான்கைந்து முறை செய்தால் கல் சீராகக் கறுக்கும். இதில் பலர் எண்ணெயைத் தாராளமாக விடுகிறார்கள். அது பிசினாக இறுகி, தோசையில் திட்டுத் திட்டாக நிறம் விழும். வியாபாரத்தின்போதும் வெங்காயத்தின் வெட்டிய முகத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். கல்லில் கரி கட்டினால் சூடாக இருக்கும்போதே சுரண்டிவிடுங்கள். இரவில் கம்பிநார் போட்டுப் பளபளவென்று தேய்த்தால் மறுநாள் மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டியதுதான்.

பத்து மணிக்கு மேல் தோசை வெளுத்தால் கல்லைக் குறை சொல்லாதீர்கள். மாவு புளித்திருக்கும், புளித்த மாவு அதே சூட்டில் அவ்வளவாகச் சிவக்காது. மாவில் சிறிது சர்க்கரை கலந்து ஒன்று ஊற்றிப் பாருங்கள்.