பட்டப்பெயர்களோடு ஒரு காணும் பொங்கல் வாழ்த்து

கேள்வி: எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பொங்கலுக்குப் பழைய பட்டப்பெயர்கள், வகுப்பறை ஜோக்குகளை வைத்து ஒரு பதிவு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். யார் மனமும் நோகாமல் எப்படி எழுதுவது?

எங்கள் குழுவில் சில வருடங்களாக இந்த வேலை என் கையில்தான் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி, 1996-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். பாதிப் பேர் ஊரிலேயே இருக்கிறார்கள், மீதிப் பேர் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், ஓமன் என்று கிடக்கிறார்கள். வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருந்ததால் எல்லாருக்கும் பொதுவாகப் பொங்கலையே பிடித்துக்கொண்டோம்.

எழுத உட்காரும் முன் நினைவுக்கு வரும் பட்டப்பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எதை வைத்து வந்த பெயர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். உடம்பை வைத்து வந்தவை: குண்டு, நெட்டை, கருவாயன், சோடாபுட்டி, திக்குவாய். வீட்டை வைத்து வந்தவை: அப்பாவின் தொழில், தெருவின் பெயர், ஸ்காலர்ஷிப் படிவத்துக்காக வகுப்பில் எழுந்து நின்றது. மூன்றாவது, அந்த ஆள் ஒரு நாள் சொன்னதையோ செய்ததையோ வைத்து வந்தவை. பதிவுக்கு மூன்றாவது வகை மட்டும் போதும்.

உடம்பும் வீடும் யாரும் தேடிக்கொண்டவை அல்ல. அந்தப் பெயர்களில் சிரிக்க ஒரு கதையும் கிடையாது. கூப்பிட்டவனுக்குத்தான் அது விளையாட்டு. அப்பாவின் தொழிலை வைத்துக் கூப்பிட்ட பெயர் நம் ஊர்களில் பெரும்பாலும் சாதியைச் சொல்லிக் கூப்பிட்டதுதான். பத்து வயதில் அது நமக்குப் புரியாமல் இருந்திருக்கலாம், கேட்டவனுக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். ‘இப்ப எல்லாரும் பெரிய ஆளாகிட்டோம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க’ என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பெயரைச் சுமக்காதவர்தான் எப்போதும் அதைச் சொல்லுவார். நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வகையில் எங்கள் வகுப்பின் சொத்து ‘நிற்க’. தமிழ் ஐயா ஒரு நாள் குறள் ஒப்பிக்கச் சொல்லி வரிசையாக எழுப்பிக்கொண்டு வந்தார். இவன் முறை வந்தது. ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின்’ என்று முதல் அடியைக் கணீரென்று சொன்னான். அடுத்து ‘நிற்க’ என்று சொல்லி நிறுத்திவிட்டான். ஐயா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘என்னடா, மேல?’ என்றார். ‘நிற்கன்னு வள்ளுவரே சொல்லிட்டாரு ஐயா, அதான் நின்னுட்டேன்’ என்றான். பிரம்பைத் தேடிய கை அப்படியே மேசையில் நின்றுவிட்டது. ஐயா சிரித்து நாங்கள் பார்த்த நாள் அது. அன்றிலிருந்து அவன் பெயர் நிற்க.

பெயரை மட்டும் தூக்கிப் போட்டால் அது வெறும் கூப்பாடு. அந்தக் கதையில் அவன்தான் கெட்டிக்காரன் என்பதால் கதையோடு சொல்லும்போது அவனுக்குப் பெருமையாகிறது. குழுவில் சேர்ந்த மனைவிமார், பிள்ளைகள் கண்ணில் பட்டாலும் ‘அப்பா அப்படிச் சொன்னீங்களா?’ என்றுதான் கேட்பார்கள். நான் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது இதுதான்: அந்தக் கதையில் கடைசி வார்த்தை யாருடையது? பட்டப்பெயர்க்காரருடையது என்றால் எடுத்துக்கொள்வேன். அவர் அழுதோ தலைகுனிந்தோ முடிகிற கதை என்றால் எவ்வளவு சிரிப்பு வந்தாலும் ஒதுக்கிவிடுவேன்.

அப்புறம் கேட்க வேண்டும். குழுவில் கேட்காதீர்கள். நாற்பது பேர் பார்க்கும்போது ‘போடாதே’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தனியாகப் போன் செய்து, எழுதப்போகும் நாலு வரியை அப்படியே படித்துக்காட்டுங்கள். ‘உன் பட்டப்பெயரைப் போடலாமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘போட்டுக்கோ, என்ன இப்ப’ என்றுதான் வரும். அது சம்மதமா சலிப்பா என்று தெரியாது. வரிகளைப் படித்துக்காட்டினால் குரலிலேயே தெரிந்துவிடும். பிடித்திருந்தால் அவர்களே இடையில் புகுந்து திருத்துவார்கள், நாம் மறந்ததை எடுத்துக்கொடுப்பார்கள். ‘ம்... சரி’ என்று இழுத்தால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

இதற்கு எங்கள் ‘உள்ளேன்’ கதையைச் சொல்ல வேண்டும். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம். இவனுடைய பெஞ்சுக்காரன் வரவில்லை. ஐயா வருகைப் பதிவு எடுக்கும்போது இவன் குரலை மாற்றி அவனுக்காக ‘உள்ளேன் ஐயா’ என்றான். ஐயா நிமிர்ந்து, ‘இப்ப பேசினது யாரு?’ என்றார். இவன் பதற்றத்தில் எழுந்து நின்று, தன் சொந்தக் குரலில், ‘உள்ளேன் ஐயா!’ என்றான். வகுப்பே உருண்டது.

இந்தக் கதையில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உள்ளேன் சிரித்துக்கொண்டே சரி சொல்லிவிட்டான். ஆனால் பெஞ்சுக்காரன் அன்று ஏன் வரவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது, அம்மாவோடு கூலி வேலைக்குப் போயிருந்தான். அவனிடம் தனியாகக் கேட்டேன். ‘அன்று வராத ஒருவன்’ என்று மட்டும் எழுதியிருப்பதாகப் படித்துக்காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: ‘ஏன் மறைக்கிறே? அறுப்புக்குப் போனேன்னு எழுது. அந்தக் கூலியிலதான் கணக்கு நோட்ஸ் வாங்கினேன். அதை வச்சு நாலு பேரு படிச்சீங்களே, அதையும் எழுது.’ நாங்கள் படித்தது உண்மை. அந்த நோட்ஸ் அட்டை கிழிந்து, கோந்து போட்டு ஒட்டி, பரீட்சைக்கு முதல் நாள்வரை கை மாறிக்கொண்டே இருந்தது. அவன் சொல்லியிராவிட்டால் அதை நான் எழுதியிருக்க மாட்டேன், எழுதும் உரிமையும் எனக்குக் கிடையாது.

வேறொரு தோழி, ‘என் பேரு வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். காரணம் கேட்கவில்லை. அந்தப் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் யாரையாவது யாரோடாவது சேர்த்துவைத்து ஓட்டியிருப்போம், கரும்பலகையில் இரண்டு பெயர்களைச் சேர்த்து எழுதியிருப்போம். அது அவர்களுக்கு அன்றைக்கே வீட்டில் அடி வாங்கிக்கொடுத்த விஷயம், பள்ளியை விட்டு நிறுத்தவும் காரணமாகியிருக்கிறது. அதைக் கேட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு நாம் வைத்த பெயர்கள் அநேகமாக நடையையும் உடம்பையும் கேலி செய்தவை. எங்கள் குழுவில் இரண்டு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதனால் பட்டப்பெயருக்குப் பதிலாக அவர்கள் அடிக்கடி சொன்ன வாக்கியத்தை எழுதுவேன். கணக்கு சாரின் ‘விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டுடா’வைப் போட்டபோது, யார் என்று பெயர் சொல்லாமலே வகுப்பு முழுக்க அடையாளம் கண்டுகொண்டது. சாரும் ஒரு குரல் பதிவு அனுப்பினார்.

நாள் விஷயம். பொங்கல் அன்று காலையில் போடாதீர்கள். பானை பொங்கும் படங்களும் கரும்புப் படங்களும் நூறு வந்து விழும், உங்கள் பதிவு மேலே போய்விடும். காணும் பொங்கல் மத்தியானம் சரியான நேரம். சாப்பிட்டு ஓய்ந்து, சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் கையில் போனோடு இருப்பார்கள். நீளமாகப் போனால் வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடும், அதனால் மூன்று கதைகளுக்கு மேல் வேண்டாம். விட்டுப்போனவர்களுக்குக் கடைசி வரியில் இடம் வையுங்கள். நான் சென்ற முறை போட்டது இது, முழுக் கதைகளை எடுத்துவிட்டு வடிவத்தை மட்டும் தருகிறேன்:

‘அனைவருக்கும் காணும் பொங்கல் வாழ்த்துகள். இன்று வருகைப் பதிவு எடுக்கிறோம். வள்ளுவர் சொன்னபடி நின்ற நம்ம நிற்க, ஓமனிலிருந்து உள்ளேன் சொல்லவும். (கதை.) பக்கத்து இடத்துக்கும் சேர்த்து ஆஜர் சொன்ன உள்ளேன், இன்று உங்கள் குரலில் மட்டும் சொல்லவும். (கதை. அறுப்பு, நோட்ஸ்.) விடை தப்பானாலும் எங்களுக்கு மார்க் போட்ட சார், வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் உங்கள் பட்டப்பெயரை நீங்களே சொல்லுங்கள். அடுத்தவர் பெயரை அவரே சொல்லட்டும்.’

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கட்டாயம் வையுங்கள். அது இல்லாவிட்டால் பதில்களில் பழைய பெயர்கள் எல்லாம் கொட்டும். பதிவில் ‘டா’வும் ‘டீ’யும் வேண்டாம். பதில்களில் அவரவர் உரிமைப்படி மச்சான் என்றும் மாப்ள என்றும் பேசிக்கொள்ளட்டும். போட்டுவிட்டு உடனே ஒருமுறை படித்துப் பாருங்கள், 15 நிமிடம்வரைதான் திருத்த முடியும்.

அன்று சாயங்காலம்வரை குழுவின் மேல் ஒரு கண் இருக்கட்டும். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவர் ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் போட்டுவிட்டு அடங்கினால், அதற்கு முன்னால் வந்த செய்திகளைப் பாருங்கள். யாரோ எதையோ கிளறியிருப்பார்கள். அட்மின் அந்தச் செய்தியை எல்லாருக்கும் சேர்த்து நீக்க முடியும், ஆனால் அட்மின் நீக்கியதாகக் குழுவில் தெரியும், என்ன ஏது என்று பேச்சு வளரும். எழுதியவருக்கே தனியாக ஒரு வரி அனுப்புங்கள்: ‘மாப்ள, அதை மட்டும் எடுத்துடு, அவன் புள்ளைங்க அவன் போனைத்தான் பாக்குறாங்க.’ எனக்குத் தெரிந்து இதற்கு யாரும் மறுத்ததில்லை.