விடிய விடியப் படித்தது ஏன் தங்குவதில்லை?

கேள்வி: இரவு முழுக்கப் படித்தால் காலைத் தேர்வை எழுதிவிட முடிகிறது, ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது. அப்படியானால் படித்தது செயல் நினைவில் மட்டும்தான் இருந்ததா?

இல்லை. செயல் நினைவு என்பது இந்தக் கணத்தில் மனம் ஏந்தி வைத்திருப்பது மட்டுமே. அதில் ஏறத்தாழ நான்கு கூறுகள்தான் நிற்கும். ஓடிபி எண்ணைத் தட்டி முடிக்கும்வரை முணுமுணுக்கிறோமே, அப்படிச் சொல்லிக்கொண்டே இராவிட்டால் அரை நிமிடத்துக்குள் கலைந்துவிடும். நள்ளிரவில் படித்த சூத்திரம் காலை பத்து மணிக்கு நினைவுக்கு வந்தால், அது நீண்டகால நினைவுக்குள் போய்விட்டது என்றே பொருள். போனது உண்மை, வேர்தான் பிடிக்கவில்லை.

புதிதாகப் படித்ததன் தடத்தை மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி விரைவாகப் பதிக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் அதே தடம் மீண்டும் மீண்டும் இயங்கி, மூளையின் மேலடுக்கான புறணியில் மெல்ல உறுதிப்படுகிறது. கண்விழிப்பவர் பறிகொடுப்பது இந்த வேலையைத்தான்.

இன்னொரு காரணம், ஒரே பக்கத்தைத் திரும்ப வாசிப்பது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உரைப்பகுதியை இருமுறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். ஒருமுறை வாசித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள் 42-க்கு இறங்கினர், பிந்தியவர்கள் 56-இல் நின்றனர். உடனடித் தேர்வில் வாசிப்பே வெல்வதால்தான் இந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது என்பேன். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். பக்கம் பழகியிருக்கிறதா, பாடம் பதிந்திருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.