கல்யாண இலையும் நம் வயிறும்

"அண்ணா, யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து மூன்று மாதம். எனக்கு ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் நோய் இருக்கு. வாற வெள்ளி வடபழனியில ஒரு கல்யாணம், முதல்நாள் ரிசப்ஷன். எதைச் சாப்பிட, எதை விட, என்ன கொண்டு போக?"

தம்பி, மண்டபத்தில் "ஐ.பி.எஸ்." என்று சொல்லிவிடாதீர்கள், போலீஸ் அதிகாரி என்று நினைத்து முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். "வயிறு சரியில்லை" என்றால் போதும்.

வந்த புதிதில் நான் செய்த தவறு இது. முகூர்த்தச் சாப்பாட்டில் பாயசம் குடித்த பத்தாவது நிமிடம் வயிறு பிசைந்தது. பாயசத்தின் மேல் பழியைப் போட்டுப் பல கல்யாணங்களில் அதைத் தொடவில்லை. ஆனாலும் தொல்லை போகவில்லை. சாப்பிட்ட உடனே ஓட வைப்பது பெரும்பாலும் பெருங்குடலின் அனிச்சைச் செயல். வயிறு நிறைந்தால், அதுவும் நெய்யும் எண்ணெயுமாக நிறைந்தால், அது முடுக்கிவிடப்படும். வெங்காயம், பூண்டு, பருப்பு செய்யும் வேலை வேறு. அவற்றின் சர்க்கரைகள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் காற்றாவதற்குச் சில மணி நேரமாகும். எனக்கு முதல்நாள் ரிசப்ஷனில் சாப்பிட்ட பரோட்டாவும் வெங்காயக் குருமாவும் இரவிலேயே வயிற்றை ஊத வைத்திருந்தன. காலை இலை அதன்மேல் விழுந்த கடைசி அடி.

அதனால் ரிசப்ஷனில்தான் கவனம் வேண்டும். இட்லி, தேங்காய்ச் சட்னி கொஞ்சம், தயிர்சாதம். சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதில் பயனில்லை, அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரைந்து குழம்பிலேயே இறங்கிவிடும். எண்ணெயில் அது கரையாது. ஹோட்டலிலும் இதே கணக்குத்தான். சௌகார்பேட்டைப் பக்கம் "ஜெயின்" என்று கேட்டால் வெங்காயம் பூண்டு இல்லாமல் கொடுப்பார்கள்.

முகூர்த்தத்தன்று வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பட்டினியாகப் போனால் இலையில் அள்ளிப் போட்டுக்கொள்வோம். ஐயர் வீட்டுக் கல்யாணமென்றால் பெரும்பாலும் வெங்காயம் பூண்டு இருக்காது, ஆனால் பருப்பு இருக்கும். சாம்பார் ஒரு கரண்டியோடு நிற்கட்டும். சோறு, உருளைக்கிழங்கு, பீன்ஸ் பொரியல் எனக்கு ஒத்துக்கொள்கின்றன. ரசத்தில் பூண்டு உண்டா என்று கேளுங்கள். வடை உளுந்து, எண்ணெய் இரண்டும் சேர்ந்தது, விட்டுவிடுங்கள். பாயசம் இரண்டு வாய் போதும், பால் ஒத்துக்கொள்ளாதென்றால் அதுவும் வேண்டாம். கடைசியில் வரும் காபியும் குடலை முடுக்கும்.

பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தண்ணீர், டிஷ்யூ, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை. காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ இருந்தால் அந்த மாத்திரையைப் போடாமல் டாக்டரிடம் போங்கள், அது ஐ.பி.எஸ். வேலை இல்லை. போனவுடன் கழிப்பறை எந்த மாடியில் என்று பார்த்துவிட்டு, பந்தியின் ஓரத்தில் உட்காருங்கள்.

அப்புறம், இலை காலியாகத் தெரிந்தால் கேட்காமலே ஊற்றிவிடுவார்கள். நான் அப்பளத்தைக் கடைசிவரை உடைக்காமல் இலையில் பரப்பி வைத்திருப்பேன்.