தொட்டிக்குள் மழைவெள்ளம் புகுந்தால்: கொதிக்க வைப்பதா, கேண்டில் ஃபில்டரா, யூவியா?

கேள்வி: மும்பை சயான் பக்கம் ஒரு பழைய சொசைட்டியில் இருக்கிறோம். நேற்று பெய்த மழையில் ரோட்டுத் தண்ணீர் அண்டர்கிரவுண்ட் டேங்குக்குள் போய்விட்டது. குழாயில் லேசான கலங்கலோடு வருகிறது. வீட்டில் யூவி மெஷின் இருக்கிறது, பழைய எவர்சில்வர் கேண்டில் ஃபில்டரும் இருக்கிறது. இவற்றை நம்பிக் குடிக்கலாமா, கொதிக்கத்தான் வைக்க வேண்டுமா? வீட்டில் நாலு பேர்.

பதில்:

கொதிக்கத்தான் வைக்க வேண்டும். யூவி மெஷினை இப்போதைக்கு அணைத்து, அதற்குப் போகும் குழாயையும் மூடி வையுங்கள். கேண்டில் ஃபில்டர் உதவும், ஆனால் அதன் இடம் அடுப்புக்கு முன்னால். பலர் வீட்டில் இந்த வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. சொசைட்டியில் பம்பை நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள். கீழ்த்தொட்டியில் புகுந்த தண்ணீரை பம்ப் மேல்தொட்டிக்கு ஏற்றிக்கொண்டே இருந்தால், இரண்டு தொட்டியையும் கழுவ வேண்டி வரும். உங்கள் குழாயிலேயே கலங்கல் வருவதால் ஏற்கெனவே ஏறிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே மாநகராட்சி லைனிலிருந்து நேராக வரும் குழாய் இருந்தால், இந்த நாட்களில் குடிக்க அங்கே பிடிப்பது மேல். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மும்பையில் தண்ணீர் நேரம் வைத்து வருவதால், வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. குழாயில் எங்கேனும் விரிசல் இருந்து அதைச் சுற்றி வெள்ளம் நின்றால், சாக்கடை கலந்த தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால் தண்ணீர் விட்டவுடன் வருவதைப் பத்து நிமிடம் கழிவறைக்கும் தரை கழுவவும் விட்டுவிட்டு, பிறகு குடிக்கப் பிடியுங்கள். பிடித்ததையும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

யூவி ஏன் இப்போது உதவாது? அந்த விளக்கின் ஒளி கிருமியின் மேல் நேராகப் பட்டால்தான் கிருமி செயலிழக்கும். தண்ணீரில் மிதக்கும் மண்துகள் ஒளியை மறைக்கும். துகளுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கிருமி தப்பிவிடும். தண்ணீரின் கலங்கலை என்டியூ என்ற அலகில் அளக்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் 1 என்டியூ, வேறு வழியில்லாவிட்டால் 5 வரை. வீட்டு யூவி மெஷின்களும் சுமார் 5-க்குக் கீழே உள்ள தண்ணீரை நம்பித்தான் செய்யப்படுகின்றன. கலங்கல் ஏறக்குறைய 4 என்டியூவைத் தொடும்போதே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். எனவே உங்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம். கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். லேசாகப் பால் கலந்ததுபோல் தெரிந்தாலே யூவியின் எல்லை தொட்டாயிற்று என்று பொருள்.

"மெஷினில் பச்சை விளக்கு எரிகிறதே" என்று கேட்பார்கள். பெரும்பாலான வீட்டு மாடல்களில் அந்தப் பச்சை விளக்கு, உள்ளே யூவி விளக்குக்குக் கரண்ட் போகிறது என்பதை மட்டும் சொல்லும். ஒளி தண்ணீரைத் தாண்டிப் போய்ச் சேர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் குழாயில் மண் படிந்தாலும் பச்சை எரியும். போதாததற்கு, மழை வலுத்தால் கரண்டே இருக்காது. ஆர்ஓ சேர்ந்த மெஷின் என்றாலும் உடனே நிம்மதியடைய வேண்டாம். டிடிஎஸ் கன்ட்ரோலர் வைத்த மாடலில், சுவைக்காகக் கொஞ்சம் தண்ணீர் மெம்பிரேன் வழியாகப் போகாமல் ஓரமாக வந்து கலக்கும். அந்தப் பங்குக்கு யூவியும் மற்ற ஃபில்டரும்தான் காவல். சொல்லப்போனால், ஏரித் தண்ணீர் வரும் மும்பைக்கு ஆர்ஓ பெரும்பாலும் தேவையே இல்லை. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இனி கேண்டில். வெள்ளைப் பீங்கான் மெழுகுவத்தியில் உள்ள துளைகள், நல்ல தரமாக இருந்தால் ஒரு மைக்ரானுக்குக் கீழே இருக்கும். மண், அமீபா, பாக்டீரியாவில் பெரும்பகுதி அதில் நின்றுவிடும். ஆனால் மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள் ஒரு மைக்ரானில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். அவை தாராளமாக உள்ளே போய்வரும். ஹெபடைடிஸ் இ கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதத்தில், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கேண்டிலில் வடிந்த தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது.

அப்புறம் அந்த வரிசை விஷயம். காலையில் கொதிக்க வைத்து, ஆற வைத்து, "இன்னும் சுத்தமாகட்டும்" என்று கேண்டில் ஃபில்டரில் ஊற்றுவது நம் வீடுகளில் வெகு நாள் பழக்கம். கேண்டிலின் ஈரமான சுவர் கிருமி தங்குவதற்கு நல்ல இடம். நேற்றுப் பிடித்து வைத்த கிருமி, இன்று கொதித்து ஆறிய தண்ணீரில் மறுபடி இறங்கும். வெள்ள நாட்களில் இது செய்த வேலையை வீணாக்கும். கேண்டிலில் வடித்து, பிறகு கொதிக்க வைப்பதே சரி.

உங்கள் பழைய கேண்டில் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. மேல் பாத்திரத்தை நிரப்பிவிட்டு அடியைப் பாருங்கள். தண்ணீர் கேண்டிலின் தண்டில் உள்ள துளை வழியாக மட்டும் சொட்ட வேண்டும். நட்டின் வெளிப்பக்கமாக வழிந்தால் ரப்பர் வாஷர் காய்ந்துவிட்டது, வடியாத தண்ணீர் கீழே இறங்குகிறது. வாஷரை மாற்றினால் போதும். அடுத்து, கேண்டிலைக் கழற்றி நன்றாக ஊற வைத்து, பக்கெட் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தண்டில் சின்ன ரப்பர் குழாய் மாட்டி வாயால் ஊதுங்கள். முழுசான கேண்டிலில் ஊறிய பீங்கான் வழியே காற்று வராது. ஓரிடத்திலிருந்து வரிசையாகக் குமிழி கிளம்பினால் அங்கே விரிசல் இருக்கிறது, தூக்கிப் போடுங்கள். கலங்கல் தண்ணீர் ஊற்றும் நாளில் கேண்டில் மெதுவாகச் சொட்டுவதுதான் இயல்பு. திடீரென்று வேகமாக வடிந்தால் சந்தோஷப்படக் கூடாது. சுத்தம் செய்யும்போது மெத்தென்ற பிரஷ்ஷால் குழாய்த் தண்ணீரில் தேயுங்கள், சோப்பு வேண்டாம், பீங்கான் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஃபில்டரே வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் கேண்டிலைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், புதிது வாங்குங்கள்.

இப்போது அடுப்பு. நாலு பேருக்குக் குடிக்க, பல் தேய்க்க, பச்சையாகச் சாப்பிடும் காய்கறி அலச எல்லாம் சேர்த்து நாளைக்கு 10 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சாதம், சாம்பாருக்குள் போவது எப்படியும் கொதிக்கும், அது கணக்கில் வராது. ஐந்து ஐந்து லிட்டராக இரண்டு தடவை வைக்கலாம். இந்தப் பத்து லிட்டருக்குச் சுமார் 100 கிராம் கேஸ் ஆகும். ஒரு வாரத்துக்கு 700 கிராம், 14.2 கிலோ சிலிண்டரில் இது பெரிய செலவில்லை.

முதல் நாள் இரவே தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து அசையாமல் வையுங்கள். காலையில் மண் அடியில் தங்கியிருக்கும். மேல்தண்ணீரை மட்டும் சாய்த்து, நாலாக மடித்த சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்டி கேண்டில் ஃபில்டரில் ஊற்றுங்கள். ஒரு கேண்டில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் தரும் என்பதால் அவசரமாக இருந்தால் கேண்டிலை விட்டுவிட்டு, துணியில் வடித்ததை நேராக அடுப்பில் ஏற்றலாம். கலங்கல் ஒளியைத் தடுப்பதுபோல் சூட்டைத் தடுக்காது. வடிகட்டுவது சுவைக்கும் தோற்றத்துக்கும்தான்.

பாத்திரத்தை மூடி வைத்தே சூடேற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் அடியிலும் ஓரத்திலும் சின்னச் சின்னக் குமிழி ஒட்டிக்கொண்டு நிற்கும். பலர் இதைக் கொதி என்று நினைத்து அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவது. கொதிநிலைக்கு வெகு முன்பே வந்துவிடும். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 60 டிகிரியில் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கும். பெரிய குமிழிகள் அடியிலிருந்து புரண்டு வந்து, கரண்டியால் கிளறினாலும் அடங்காமல் தளதளவென்று கொதிக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு நிமிடம் போதும். கடல்மட்டத்தில் இருக்கும் மும்பைக்கு இருபது நிமிடக் கொதி தேவையில்லை, அது கேஸ் வீண்.

தவறு நடப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். கொதித்த தண்ணீரில் குளோரின்போல் காவல் எதுவும் மிச்சமிருக்காது. ஒரு கை டம்ளரோடு உள்ளே போனால் போதும், மறுபடி கெட்டுவிடும். கொதித்த பாத்திரத்திலேயே மூடியோடு ஆற விடுங்கள். வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதானால் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மை முதலில் கொதிநீரில் அலசிக்கொள்ளுங்கள். குழாய் இல்லாவிட்டால் நீளக் கைப்பிடி வைத்த கரண்டி ஒன்றைத் தனியாக வையுங்கள். ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். டம்ளரைக் கலங்கல் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு அதில் கொதித்த நீரை ஊற்றிக் குடித்தால் பிரயோஜனம் இல்லை. கரண்டும் கேஸும் இல்லாத நாளுக்குக் குளோரின் மாத்திரை கொஞ்சம் கைவசம் இருக்கட்டும். எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது அட்டையில் இருக்கும். போட்டு அரை மணி நேரம் விட வேண்டும்.

ஒரு இடத்தில் மூன்றுமே தோற்கும். கீழே நிறுத்தியிருந்த பைக், கார், ஜெனரேட்டர் மூழ்கியிருந்தால் டீசலும் எண்ணெயும் தொட்டிக்குள் போயிருக்கும். மண்ணெண்ணெய் போன்ற வாடை அடித்தாலோ மேலே வானவில் நிறத்தில் படலம் தெரிந்தாலோ அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் பலன் இல்லை. சமையலுக்கும் வேண்டாம். தொட்டி கழுவி முடியும்வரை சீல் வைத்த கேன் தண்ணீர்தான்.

யூவிக்கு எப்போது திரும்பலாம்? கீழ்த்தொட்டியும் மேல்தொட்டியும் காலி செய்து தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, புதுத் தண்ணீர் நிரம்பிய பிறகு. ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலை வைத்து இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். கலங்கல் துளியும் இல்லையென்றால், மெஷினில் வெள்ளத் தண்ணீர் ஓடிய பஞ்சு ஃபில்டரையும் கார்பனையும் மாற்றச் சொல்லி, டேங்க் இருந்தால் கழுவி, முதலில் வரும் சில லிட்டரைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். சர்வீஸ் ஆள் வரும்போது குவார்ட்ஸ் குழாயையும் வெளியே எடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் செய்வார்கள்.