மூணு வயசுக்குச் சிரட்டையும் குட்டி வாரியலும்

கேள்வி: என் தங்கை மகளுக்கு மூணு வயசு. எந்நேரமும் அம்மா மாதிரியே சமைக்கிறது, வாருறது, துடைக்கிறதுதான் விளையாட்டு. பிறந்தநாளுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

ரெண்டு சிரட்டை, ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணம், ஒரு மர அகப்பை, பிள்ளை உயரத்துக்கு வெட்டின ஒரு வாரியல். இவ்வளவு போதும்.

என் மகனுக்கு மூணு வயசானப்போ லைட் எரியுற, சத்தம் போடுற பிளாஸ்டிக் கிச்சன் செட் ஒண்ணு வாங்கினேன். உள்ளே பர்கரும் பீட்சா துண்டும் இருந்தது. தக்கலை பக்கத்துல எங்க வீட்டு அடுக்களையில அவன் பாக்குறது புட்டும் மீன்கறியும் மரச்சீனியும். ரெண்டு நாள் பட்டனை அமுக்கிப் பாத்தான், அப்புறம் திரும்பவும் என் காலடியில வந்து புட்டுக்குழலை இழுக்க ஆரம்பிச்சான். இந்த வயசுல பிள்ளைங்க விளையாடுறது கண்ணால பாத்த வேலையைத்தான். வீட்டுல நடக்காத சமையல் அவங்களுக்கு ஒட்டாது.

அதனால சிரட்டைப் புட்டு செய்யக் கொடுத்தேன். தேங்காயை உடைச்சா ஒரு மூடியில மூணு கண் இருக்கும், அதை எடுங்க. துருவினதும் ரெண்டு மூணு நாள் வெயில்ல போட்டா மிச்சமிருக்குற பருப்பு சுருங்கி விட்டுரும், கத்தியால நெம்பி எடுத்துரலாம். வெளிப்பக்க நாரை உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு எடுங்க. விளிம்புக்குத்தான் அதிக நேரம் செலவழிக்கணும். விரலை ஒரு சுத்து ஓட்டினா எங்கயும் சிக்கக்கூடாது. மூணு கண்ல ஒண்ணு மட்டும் மெதுவா இருக்கும், ஆணியால குத்தினா ஓட்டை விழும். நெசப் புட்டு அவிக்கும்போது ஆவி ஏறுறதும் அந்த வழியாத்தான். கடைசியா ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவித் துடைச்சா கருகருன்னு மின்னும்.

மாவுக்குப் பதில் ஈர மணல். புட்டு மாவுக்குள்ள பதமேதான் இதுக்கும்: பிடிச்சா பிடிபடணும், உதுத்தா உதிரணும். தண்ணி கூடினா சிரட்டையை விட்டு வராது, குறைஞ்சா கவுத்ததும் பொலபொலன்னு சரிஞ்சுரும். நான் சொல்லிக் கொடுக்கல. மூணாவது நாள் அவனே கையை நனைச்சு நனைச்சுத் தெளிச்சு, கவுத்து, மேல ஒரு தட்டுத் தட்டி எடுத்தான். முழுசா வந்துச்சு. தேங்காய்ப்பூவுக்குச் செம்பருத்தி இதழைக் கிள்ளிப் போட்டு, "அம்மா, வெந்தாச்சு"ன்னு நீட்டினான். மணலை பேசின்ல வெச்சு, விளையாடி முடிஞ்சதும் மூடி வையுங்க. திறந்து கிடந்தா பூனை வந்து அசிங்கம் பண்ணிரும்.

அரிசி, பருப்புன்னு சொல்லிப் பிள்ளைங்க கையில குன்னிமுத்து, மஞ்சாடி, புளியங்கொட்டை எல்லாம் வந்து சேரும். குன்னிமுத்தை வீட்டுக்குள்ளயே விடாதீங்க, கடிச்சு மென்னா உயிருக்கே ஆபத்தான விஷம். மத்தது மூச்சுக்குழாயில அடைக்கும், மூக்குலயும் காதுலயும் போகும். கடையில விக்குற ஸ்டீல் சொப்புச் சாமான்லயும் நகம் அளவுக்குக் கரண்டி, டம்ளர் இருக்கும், அதை எல்லாம் பொறுக்கி எடுத்துருங்க. விளிம்பு மடிக்காம கத்தி மாதிரி இருந்தா அந்த செட்டே வேண்டாம். பாத்திரக் கடையில சின்னக் கிண்ணமும் தட்டும் தனியா வாங்குறது நல்லது. பொம்மையாவே வாங்கினா ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க, 2021 ஜனவரியில இருந்து அது கட்டாயம். பேட்டரி போடுற இடம் திருகாணி போட்டு மூடியிருக்கணும். பொத்தான் பேட்டரியை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிரும்.

வாரியல் விஷயத்துல எங்க மாமி, "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மக்களே வாரியல்?"ன்னு கேட்டாங்க. கடைசியில கைப்பிடியை வெட்டிக் கொடுத்ததும் அவங்கதான். ஈர்க்கில் வாரியல் வேண்டாம், பிள்ளை நிமித்துப் பிடிச்சா முனை நேரா கண்ணுக்கு வரும். பூவாரியலை எடுத்து மொத்த நீளம் பிள்ளையோட நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் கீழ வர்ற மாதிரி, சுமாரா 60 செ.மீ.க்கு வெட்டி, வெட்டின இடத்துல துணி சுத்துங்க. நீளம் கூடினா பின்பக்கம் நிக்குற ஆள் மேல இடிக்கும், பிள்ளையும் ரெண்டு நிமிஷத்துல போட்டுட்டுப் போயிரும். தரையில சாக்பீஸால தட்டு அளவு வட்டம் போட்டு, கிழிச்ச காகிதத்தை அதுக்குள்ள தள்ளச் சொல்லுங்க. வட்டம் இல்லேன்னா குப்பை நாலு பக்கமும் பரவும், எங்க நிறுத்தணும்னு பிள்ளைக்குத் தெரியாது.

துடைக்குறதுக்கு உள்ளங்கை அளவு பருத்தித் துணியும் ஒரு குவளைத் தண்ணியும் போதும். காலியான பினாயில் பாட்டிலையோ, பாத்திரம் கழுவுற சோப்புப் பாட்டிலையோ கழுவி விளையாடக் கொடுக்காதீங்க. எங்க அடுத்த வீட்டுல அப்படிக் கொடுத்த பிள்ளை, ஒரு வாரம் கழிச்சு நிறைஞ்ச பாட்டிலை அதே மாதிரி வாய்கிட்ட கொண்டு போயிருச்சு. நல்லவேளை, மூடி இறுக்கமா இருந்தது.