மேலாளரின் ஒற்றை வரிக்கு எத்தனை வரியில் பதில் சொல்வது?

கேள்வி: பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி. போன வெள்ளிக்கிழமை மாலை எங்கள் மூத்த மேலாளர் வாட்ஸ்அப்பில் ‘வெண்டர் பட்டியல் என்ன ஆயிற்று?’ என்று ஒரே வரி அனுப்பினார். நான் நான்கு பத்தியில் விளக்கினேன். ‘ஓகே’ என்று மட்டும் வந்தது. அவர் கோபமாக இருக்கிறார் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிறார். இனி நானும் ஒரே சொல்லில்தான் பதில் சொல்ல வேண்டுமா? நான் அனுப்பிய பதிலையும் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, பொம்மனஹள்ளி

பதில்: ஒரே சொல் வேண்டாம். நான்கு பத்தியும் வேண்டாம். இரண்டு வாக்கியம் போதும். அவர் ஏதாவது முடிவு சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் மூன்றாவது. முதல் வாக்கியத்தில் அவர் கேட்டதற்கான விடை, இரண்டாவதில் மீதி வேலை எப்போது முடியும் என்ற நேரம். உங்கள் மேலாளரின் ஒற்றை வரிக்கு இவ்வளவுதான் பதில்.

நீங்கள் அனுப்பியதை நான் இரண்டு முறை படித்தேன். உங்கள் வேலையில் குறையே இல்லை. மொத்தம் 42 வெண்டர்கள், அவர்களில் 38 பேரின் கணக்கைச் சரிபார்த்து முடித்துவிட்டீர்கள். நான்கு பேருடைய ஜிஎஸ்டி எண் பில்லில் ஒன்றாகவும் நம் பதிவில் வேறாகவும் இருக்கிறது, அவர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். இந்தச் செய்தி எங்கே இருக்கிறது தெரியுமா? மூன்றாவது பத்தியின் நடுவில். முதல் பத்தி முழுவதும் ‘உடனே பதில் அனுப்ப முடியாமல் போனதற்கு மன்னிக்கவும் மேடம்’ என்று தொடங்கி, வியாழக்கிழமை சர்வர் நின்றுபோன கதையைச் சொல்கிறது.

அதை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை, ஒரு கூட்டம் முடிந்து அடுத்ததற்குப் போகும் வழியிலோ, சில்க் போர்டு சிக்னலில் காருக்குள்ளோ இருந்திருக்கலாம். பூட்டிய திரையில் செய்தியின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அவர் கண்ணில் பட்டது ‘உடனே பதில் அனுப்ப முடியாமல் போனதற்கு...’ என்பது மட்டும். அதைப் பார்க்கிற எவரும் ‘வேலை முடியவில்லை போலிருக்கிறது’ என்றுதான் நினைப்பார்கள். ‘ஓகே’ வந்த காரணம் அதுவாகவே இருக்கலாம். 38 முடிந்தது என்ற நல்ல செய்தி அவரைப் போய்ச் சேரவே இல்லை.

நான்கு பத்தி ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே தவறைப் பெங்களூருக்கு வருகிற நம் பிள்ளைகள் பலரிடம் பார்த்திருக்கிறேன். தமிழில் மரியாதை வினையின் வாலிலேயே இருக்கிறது. ‘முடிந்துவிட்டதுங்க’ என்று ஒரே சொல்லில் வேலையையும் சொல்லிவிடலாம், பணிவையும் காட்டிவிடலாம். அலுவலக ஆங்கிலத்தில் அந்த ‘ங்க’வை வைக்க இடமில்லை. மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள், அதுவே நமக்குத் தொண்டையில் சிக்குகிறது. எனவே விட்டுப்போன மரியாதையை மன்னிப்பாகவும், ‘கைண்ட்லி’யாகவும், நீண்ட விளக்கமாகவும் கொட்டி நிரப்புகிறோம். எதிரில் இருப்பவருக்கு அது பணிவாகத் தெரிவதில்லை. ஏதோ மறைக்கிறார் என்றுதான் தெரிகிறது. மூத்தவருக்கு நீங்கள் காட்டக்கூடிய பெரிய மரியாதை, கேட்ட விடையை அவர் தேடாமல் முதல் வரியில் வைப்பதுதான்.

அந்த மாலை நீங்கள் அனுப்பியிருக்க வேண்டிய பதிலை எழுதிக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் வரிசை இதுவேதான்: ‘42-இல் 38 முடிந்தது. நான்கு பேரின் ஜிஎஸ்டி எண் பொருந்தவில்லை, கேட்டிருக்கிறேன், திங்கள் காலை 11 மணிக்குள் முழுப் பட்டியலும் அனுப்புகிறேன் மேடம். அந்த நால்வரை விட்டு 38-ஐ மட்டும் இன்றே அனுப்பட்டுமா?’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அதற்கு அவர் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். ஒற்றை வரியில் பேசுகிற ஒருவரிடம், ஒற்றைச் சொல்லில் முடிக்கக்கூடிய கேள்வியைக் கேட்பதுதான் உதவி. ‘எப்படிச் செய்யலாம் என்று சொல்லுங்கள் மேடம்’ என்று கேட்டால் அவரை உட்கார்ந்து யோசிக்க வைக்கிறீர்கள், பதில் வராது.

வேலை முடியாத நாளிலும் இதே வரிசைதான். ‘இன்னும் முடியவில்லை. நாளை மதியம் 3 மணிக்கு முடியும்’ என்று எழுதுங்கள். ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது பதிலே இல்லை, அதில் நேரம் இல்லை. எப்போது முடியும் என்று உங்களுக்கே தெரியாவிட்டால், எப்போது தெரியும் என்பதை எழுதுங்கள். உங்கள் தவறால் யாருக்காவது இழப்பு வந்திருந்தால் மட்டும் ஒரு ‘மன்னிக்கவும்’, அதுவும் கடைசியில்.

‘முடிந்தது’ என்று அவர் பாணியிலேயே ஒரு சொல்லை வீசுவது ஏன் கூடாது என்றால், அந்தச் சுருக்கம் பதவியோடு வருகிறது. மேலே இருப்பவர் ஒரு சொல் எழுதினால் வேலைப்பளு என்பார்கள், கீழே இருப்பவர் எழுதினால் முறைத்துக்கொண்டார் என்பார்கள். இது நியாயமில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இந்த நகரத்தின் அலுவலகங்கள் அப்படித்தான் இருக்கின்றன.

இப்போது உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியவர் அவர்தான். மேலாளரின் மனநிலையை மொழிபெயர்த்துச் சொல்லும் இத்தகைய இடைத்தரகர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். எழுத்தில் தொனியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை 2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகிய உளவியலாளர்களின் குழு சோதித்துப் பார்த்தது. மின்னஞ்சலில் தாங்கள் எழுதியது கிண்டலா இல்லையா என்று 100-க்கு 78 முறையாவது படிப்பவர் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சரியாக இருக்கும். முழு வாக்கியங்களுக்கே இந்த நிலை என்றால், ‘ஓகே’ என்ற ஒரு சொல்லை வைத்து உங்கள் நண்பர் கோபத்தை எப்படிக் கண்டார்?

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் ஓர் இளைஞர் இதே போன்ற பேச்சை நம்பி, இரவு 11 மணிக்குத் தன்னிலை விளக்கமாக ஒரு பக்கம் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினார். அவர் மீது அதுவரை யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. அந்த ஒரு பக்கம் அடுத்த ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் ‘நெருக்கடியைத் தாங்கமாட்டார்’ என்பதற்குச் சான்றாக மேசைக்கு வந்தது. பதற்றத்தைத் தூண்டிவிட்டவர் அந்த அறையிலேயே இல்லை.

கோபமா இல்லையா என்று நீங்களே பார்க்கலாம். குழுவில் அவர் கடைசியாக எல்லாருக்கும் அனுப்பிய பத்துச் செய்திகளைப் படியுங்கள். எல்லாருக்கும் ஒரே வரி என்றால் அது அவர் பழக்கம். வழக்கமான அளவிலிருந்து மாறினால்தான் பொருள் உண்டு. என் அனுபவத்தில் கோபம் வரும்போது செய்தி நீளும். ‘முன்பே சொன்னதுபோல’ என்று தொடங்கும், தேதி குறிப்பிடப்படும், இதுவரை இல்லாத இன்னொருவர் புதிதாகச் சேர்க்கப்படுவார். அப்படி வந்தால் எழுத்தில் பதில் தேடாதீர்கள், ஐந்து நிமிடம் நேரில் பேச நேரம் கேளுங்கள்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ‘எல்லாச் சூழலுக்கும் தயார் பதில்கள்’ என்று மாதிரிக் கடிதத் தொகுப்புகளை விற்கும் பயிற்சிக்காரர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவற்றில் பதில்கள் ‘இச்செய்தி தங்களை நலமுடன் சந்திக்கும் என நம்புகிறேன்’ என்ற ரகத்தில் தொடங்கும். பூட்டிய திரையில் உங்கள் விடைக்குரிய இடத்தை அந்த வாழ்த்து விழுங்கிவிடும். இதைக் கற்றுத்தர வேண்டியது நிறுவனம். அடையாள அட்டைக்கும் பிஎஃப் படிவத்துக்கும் முழு நாள் ஒதுக்குகிறவர்கள், ஒரு செய்திக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை. பிறகு ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். ஆண்டுதோறும் இதைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

இரண்டு வாக்கிய வழி செல்லாத ஓர் இடம் உண்டு. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு நாள் ஒரு செய்தி வரும். அதில் மேலாளரின் பெயரும் படமும் இருக்கும், ஆனால் எண் புதிதாக இருக்கும். ‘இருக்கையில் இருக்கிறாயா?’ என்று கறாராக ஒரு வரி. நீங்கள் ‘இருக்கிறேன் மேடம்’ என்றதும் ‘கூட்டத்தில் இருக்கிறேன், போன் பேச முடியாது, ஒரு பணம் அவசரமாக அனுப்ப வேண்டும்’ என்று அடுத்தது. அல்லது பரிசு அட்டைகள் வாங்கி அவற்றின் எண்களை அனுப்பச் சொல்வார்கள். யாரிடமும் சொல்லாதே என்றும் வரும். இது மோசடி. மூத்தவரின் ஒற்றை வரிக்கு இளையவர் கேள்வி கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையை வைத்தே இந்தத் தொழில் நடக்கிறது. இங்கே நீளமும் தொனியும் பேச்சே இல்லை, அந்தச் செய்திக்குப் பதிலே எழுதாதீர்கள். ஏற்கெனவே உங்கள் போனில் சேமித்திருக்கும் மேலாளரின் பழைய எண்ணுக்கு அழையுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் எடுக்கும்வரை பணம் நகரக்கூடாது. உண்மையிலேயே மேலாளர்தான் கேட்டிருந்தார் என்றாலும், சரிபார்த்ததற்காக உங்களைக் கடிந்துகொள்ள அவருக்குக் காரணமில்லை. பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் வங்கி முடக்கினால்தான் மீட்க வழியுண்டு, எனவே நிமிடக் கணக்கு இது.

இனி உங்கள் வெள்ளிக்கிழமைச் செய்திக்கு வருகிறேன். அதை அழிக்க முயலாதீர்கள், நீக்கப்பட்டது என்ற குறிப்பு அவர் திரையில் நிற்கும். திருத்தவும் முடியாது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள்தான் திருத்தலாம். ‘நீளமாக எழுதியதற்கு மன்னிக்கவும்’ என்று இன்னொரு செய்தியும் வேண்டாம். நால்வரின் எண்களும் வந்ததும் பட்டியலை இணைத்து, ‘முழுப் பட்டியல் இணைத்திருக்கிறேன், 42-உம் சரிபார்த்தாயிற்று மேடம்’ என்று ஒரு வரி மட்டும் அனுப்புங்கள். அதற்கும் ‘ஓகே’ என்றுதான் வரும். அதைப் பக்கத்து இருக்கையில் காட்டாதீர்கள்.