நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனை: முதல் 24 மணி நேரத்தில் இன்ஷூரன்ஸுக்குத் தகவல்

கேள்வி: சனிக்கிழமை ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். எங்கள் பாலிசியின் நெட்வொர்க்கில் அது இல்லை. "பில்லைக் கட்டிடுங்க, டிஸ்சார்ஜ் ஆனப்புறம் மொத்தமா கிளெய்ம் போட்டுக்கலாம், இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்கிறார் ஏஜென்ட். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இன்றைக்கே தகவல் சொல்லுங்கள். உங்கள் ஏஜென்ட் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்புகிறார். பில்களோடு பணம் கேட்பது கிளெய்ம். அதற்கு டிஸ்சார்ஜுக்குப் பிறகு நாள் இருக்கிறது. "இன்னார் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்" என்று சொல்வது இன்டிமேஷன். அதற்கு இருப்பது மணிக்கணக்குதான். எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியை எடுத்துக்கொண்டால், அவசர அட்மிஷனுக்கு 24 மணி நேரம் அல்லது டிஸ்சார்ஜுக்கு முன்பு, இரண்டில் எது முந்தியதோ அதுதான் கெடு. பல பாலிசிகளில் இதே கணக்குதான் என்றாலும், உங்கள் பாலிசிப் புத்தகத்தில் கிளெய்ம் நடைமுறைப் பகுதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"எது முந்தியதோ" என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. ராத்திரி சேர்த்து மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், 24 மணி நேரம் முடியவில்லையே என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே கெடு முடிந்துவிடுகிறது.

எந்த நேரத்திலிருந்து எண்ணுவது? கேசுவாலிட்டிக்குள் நுழைந்த நேரமும் உள்நோயாளி எண் போட்ட நேரமும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். அப்பா ராத்திரி 11.10க்குக் கேசுவாலிட்டிக்கு வந்து, இசிஜி எடுத்து, 12.45க்கு ஐசியூவில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். உள்நோயாளி எண்ணில் ஞாயிறு தேதி இருக்கும். நீங்கள் முந்திய நேரத்தையே எடுத்துக்கொண்டு, ஞாயிறு ராத்திரி 11.10க்குள் சொல்லிவிட்டால் யாரும் வாதம் செய்ய இடமில்லை.

பாலிசி கார்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நிறுவனத்துக்காகக் கிளெய்ம் வேலைகளைக் கவனிக்கும் டிபிஏவின் பெயர் கார்டில் இருந்தால் அவர்களிடம் சொன்னால் போதும். ஏஜென்டிடம் மட்டும் சொல்வது நிறுவனத்துக்குச் சொன்னதாகிவிடாது. பாலிசி எண், நோயாளியின் பெயர், கார்டில் உள்ள அவரது உறுப்பினர் எண், ஆஸ்பத்திரியின் பெயரும் முகவரியும், சேர்த்த தேதியும் நேரமும், சிகிச்சை தரும் டாக்டர் பெயர், உங்கள் போன் எண் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். என்ன நோய் என்று கேட்பார்கள். "நெஞ்சு வலி, பரிசோதனை நடக்கிறது" என்பதோடு நிறுத்துங்கள். "ரொம்ப நாளாவே லேசா வலி இருந்துச்சு" என்று பதற்றத்தில் சொல்வது, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயா என்ற கேள்விக்கு வழிவிடும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. டாக்டர் இன்னும் முடிவு செய்யாததை நீங்கள் முடிவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

பேசி முடிக்கும் முன் கிளெய்ம் இன்டிமேஷன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். போன் செய்ததற்கு மட்டும் ஒரு எண் தருவதும் உண்டு; அது வேறு, இது வேறு. "இது கிளெய்ம் எண்ணா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். பிறகு அதே விவரங்களை, போன் செய்த நேரத்தையும் சேர்த்து, நிறுவனத்தின் மெயில் முகவரிக்கு அனுப்புங்கள். பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் நேரத்தோடு இருக்கப்போகும் சாட்சி அந்த மெயில்தான்.

இத்தனை அவசரம் ஏன் என்றால், நெட்வொர்க் ஆஸ்பத்திரியோடு நிறுவனத்துக்கு ஒப்பந்தமும் கட்டணப் பட்டியலும் உண்டு. வெளி ஆஸ்பத்திரியோடு எதுவும் இல்லை. அதனால் நோயாளி படுக்கையில் இருக்கும்போதே ஆளனுப்பிப் பார்க்க விரும்புவார்கள். வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், அப்பாவைப் பார்க்க விடுங்கள். நிரப்பாத தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே போனில் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் அறிவித்த ஏற்பாட்டின்படி, நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் வசதி, கேட்கலாம். அவசர அட்மிஷனுக்கு 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியும் நிறுவனமும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த 48ஐ எங்கோ படித்துவிட்டுப் பாலிசியில் இருக்கும் 24ஐக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. சிறிய கெடுவையே பிடித்துக்கொள்ளுங்கள். கேஷ்லெஸ் கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை, பில் கட்டிப் பணம் திரும்பக் கேட்கும் வழி திறந்தே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நெட்வொர்க்கில் இல்லாதது வேறு, நிறுவனம் பெயர் சொல்லி விலக்கி வைத்தது வேறு. விலக்கிய ஆஸ்பத்திரிகளின் பட்டியல் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். அதில் இந்த ஆஸ்பத்திரி இருந்தால், உயிருக்கு ஆபத்தான நிலையிலோ விபத்திலோ கூட, நோயாளியின் நிலை சீராகும் வரையிலான செலவுதான் கிடைக்கும். அப்பா ஓரளவு தேறியதும் வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் பேச வேண்டியது அப்போதுதான். மாற்றினால், புது ஆஸ்பத்திரிக்குத் தனியாக இன்னொரு இன்டிமேஷன் கொடுங்கள்.

செவ்வாய்க்கிழமை டிஸ்சார்ஜ் என்றால், ஆரோக்கிய சஞ்சீவனி கணக்கில் அன்றிலிருந்து 30 நாளுக்குள் கிளெய்ம் படிவமும் அசல் பில்களும் போய்ச் சேர வேண்டும். படிவத்தின் இரண்டாம் பகுதியை ஆஸ்பத்திரி நிரப்பி முத்திரை போட வேண்டும். நெட்வொர்க்கில் இல்லாத இடத்தில் இதற்குத்தான் பிறகு நடையாய் நடக்க வேண்டிவரும். கிளம்பும் அன்றே வாங்கிவிடுங்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரும் விலைச்சீட்டும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அட்மிஷன் நேரம் நீங்கள் மெயிலில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே டாக்டரிடம் சொல்லித் திருத்தி வாங்குங்கள்.

கேள்வி: அம்மா ஐசியூவில் இருந்த பதற்றத்தில் மூன்றாம் நாள்தான் சொன்னோம். தாமதம் என்று காரணம் காட்டி கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். இனி வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. தவிர்க்க முடியாத காரணத்தால் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் வைத்து நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏ 2011 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையிலேயே நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். "பதற்றமாக இருந்தோம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. அம்மா எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஐசியூவில் இருந்தார், கூட இருந்தது யார் என்பதை எழுதி, ஐசியூ பதிவின் நகலை இணையுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.